அடக்கம் 160, கேட்பது 140: ஆர்டரை எடுக்கலாமா?

திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. ஐரோப்பாவுக்கு ஆண்கள் டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறார்கள். முதலாளி கட்டிங் டேபிளில் வேலை பார்த்து மேலே வந்தவர். செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் மாதம் ஒருமுறை அவரிடம் போவேன். அன்று நான் உள்ளே நுழைந்தபோது போனை மேசையில் வைத்துவிட்டுக் கோபமாக உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க இந்த அநியாயத்த. துபாய்ல இருந்து ஒருத்தர் இருபதாயிரம் பீஸ் கேக்கறாருங்க. வெல நூத்தி நாப்பதாம். நமக்கு அடக்கமே நூத்தி அறுபது. பீஸுக்கு இருபது ரூவா கைக்காசு போட்டுத் தெச்சுக் குடுக்கோணுமாங்க?"

அவர் வழக்கமாக விற்கும் விலை 180 ரூபாய். அடக்கம் 160, லாபம் 20. 140 ரூபாய்க்குக் கொடுத்தால் 20,000 பீஸுக்கு 4 லட்சம் ரூபாய் நஷ்டம். அவருடைய காஸ்டிங் ஷீட் அப்படித்தான் சொன்னது. அந்த ஷீட்டில் கூட்டல் கழித்தல் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஆர்டரை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்த ஷீட்டில் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே தரும் எண்களைப் படிக்க எளிதாக முழுமையாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

முதலில் அந்த 160 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒரு டி-ஷர்ட்டுக்குக் கட்டிங் வேஸ்ட் உட்பட 200 கிராம் துணி ஆகிறது. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், இடையில் எடை குறைவதால் வரும் சேதாரம் எல்லாம் சேர்த்துத் துணி கிலோ 420 ரூபாய். ஆகவே பீஸுக்கு 84. தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் கூலி 30. இது பீஸ் ரேட்டில் கான்ட்ராக்ட். தையல் நூல், லேபிள், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி 12. துறைமுகம் வரை லாரி வாடகையும் ஏற்றுமதிச் செலவும் 4. ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்டுக்குக் கமிஷன் 4. இதுவரை 134 ரூபாய்.

மிச்சம் 26 ரூபாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஓவர்ஹெட்'. கட்டட வாடகை, மேனேஜரும் கட்டிங் மாஸ்டரும் ஆபீஸ் ஆட்களும் வாங்கும் மாதச் சம்பளம், கரன்ட் பில், மிஷின் தேய்மானம், பேங்க் கடன் வட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். மாதத்துக்கு மொத்தம் 18,20,000 ரூபாய். அந்த மாதம் கையில் இருந்த ஆர்டர் 70,000 பீஸ். 18,20,000-ஐ 70,000-ஆல் வகுத்து, பீஸுக்கு 26 என்று எழுதியிருக்கிறார்கள்.

கம்பெனியில் மாதம் ஒரு லட்சம் பீஸ் தைக்க மிஷினும் ஆளும் உண்டு. அதாவது 30,000 பீஸுக்கான இடம் காலியாகக் கிடந்தது. இந்த ஒரு விவரம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காஸ்டிங் ஷீட்டில் அது எங்கும் இல்லை.

"அண்ணா, இந்த ஆர்டர் வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னு வைங்க. அடுத்த மாச வாடகை குறையுமா?" என்று கேட்டேன்.

"அதெப்படிக் குறையும்?"

"மேனேஜர் சம்பளம்?"

"அதுவும் குறையாது. சரி, நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு முடிவு எடுக்கும்போது, அந்த முடிவால் மாறுகிற பணத்தை மட்டும்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்டர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே அளவில் போகப்போகிற பணம், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், அந்த முடிவுக்குச் சம்பந்தம் இல்லாதது. மாறுகிற செலவைப் பாடப்புத்தகங்கள் பொருத்தமான செலவு என்கின்றன. தொழில் வட்டத்தில் ரெலவன்ட் காஸ்ட். மாறாத செலவுகளில் ஒரு வகை, ஏற்கெனவே செலவாகிவிட்டது, எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராதது. அதற்குப் பெயர் மூழ்கிய செலவு, சங்க் காஸ்ட்.

எந்தச் செலவு எந்த வகை என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 'ஓவர்ஹெட்' என்று எழுதியதெல்லாம் மாறாது, 'துணி' என்று எழுதியதெல்லாம் மாறும் என்று நினைத்துவிட்டால் கணக்குத் தடம் மாறிவிடும். ஒவ்வொரு வரியிலும் நின்று, "இந்த ஆர்டரை வேண்டாம் என்றால் இந்தச் செலவு நிற்குமா?" என்று கேட்க வேண்டும். கேள்வி ஒன்றுதான். பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி, மாதத்துக்கு மாதம் வேறு. அன்று மாலை நாங்கள் இருவரும் அந்த ஷீட்டை அப்படித்தான் வரி வரியாகப் பார்த்தோம்.

வாடகையும் மாதச் சம்பளமும் நிற்காது. அடித்துவிட்டோம். மிஷின் தேய்மானத்துக்கு வந்தபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஓவர்லாக், ஃப்ளாட்லாக்னு அறுபது லட்சம் போட்டிருக்கறனுங்க. அத எப்ப எடுக்கறது?" நியாயமான ஆதங்கம். ஆனால் அந்த அறுபது லட்சம் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. துபாய் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் பேங்க் தவணை அதே தேதியில் அக்கவுன்டில் கழிந்துவிடும். மிஷின் 20,000 பீஸ் அதிகமாக ஓடுவதால் அதன் விற்பனை விலை சட்டென்று இறங்கப் போவதும் இல்லை. ஊசி உடைவது, எண்ணெய், பெல்ட் போன்ற ஓட்டத்தால் வரும் செலவு உண்டு. அதை மட்டும் சேர்க்கலாம். ஆகவே தேய்மானத்தையும் அடித்தோம்.

கரன்ட் பில்லில் கொஞ்சம் நிதானம் தேவைப்பட்டது. அதில் இரண்டு பகுதி. வாங்கி வைத்திருக்கும் மின்பளுவுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று. ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் ஒன்று. முதலாவது மாறாது, இரண்டாவது ஏறும். அயர்னிங் பாய்லரும் மிஷின்களும் கூடுதலாக ஓடும் யூனிட் கட்டணம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வந்தால் கொடுக்க வேண்டிய பேட்டா இரண்டுக்குமாக 25,000 ரூபாய் என்று மதிப்பிட்டோம். ஓவர்ஹெட்டில் இருந்து இந்த ஆர்டருக்கு உண்மையில் வந்து சேர்வது இவ்வளவுதான். ஷீட்டில் இருந்ததோ பீஸுக்கு 26 வீதம் 5,20,000.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஷீட்டில் இல்லாத, ஆனால் இந்த ஆர்டருக்காகவே புதிதாக வரப்போகும் செலவு. துபாய்க்காரர் நெஞ்சில் ஒரு லோகோ பிரின்ட் கேட்டிருந்தார். அதற்கு ஸ்கிரீன் போட வேண்டும். சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா என்று லேப் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். பிரின்ட் கூலி உட்பட எல்லாம் சேர்த்து 40,000. வழக்கமான ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. ஏஜென்ட் கமிஷன் இந்த ஆர்டரில் கிடையாது. அவர் நேராகவே போன் செய்தவர். எனவே பீஸுக்கு 4 ரூபாய் குறைகிறது. தையல் கூலி 30 பீஸ் ரேட். தைத்தால்தான் கொடுக்க வேண்டும், ஆகவே முழுதும் சேரும். இதுவே மாதச் சம்பளத்து டெய்லர்களாக இருந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால், அந்தச் சம்பளத்தையும் அடித்திருப்போம்.

பிறகு துணிக்கு வந்தோம். என் அனுபவத்தில் மூழ்கிய செலவு ஆளை ஏமாற்றும் இடம் இதுதான்.

குடோனில் நேவி ப்ளூ துணி 1,500 கிலோ கிடந்தது. முந்தைய சீசனில் ஒரு பையர் ஆர்டரைப் பாதியில் கேன்சல் செய்ததில் மிஞ்சியது. பாலிதீன் சுற்றிய ரோல்கள். கீழ்வரிசையில் அழுத்தம் பட்ட இடங்களில் மடிப்புக்கோடு விழுந்திருந்தது. சாயமேற்றிய துணி கிலோ 420-க்கு அடங்கியது. ஆகவே 6,30,000 ரூபாய் கணக்குப் புத்தகத்தில் ஸ்டாக்காக நின்றது. வழக்கமான பையர் யாரும் அந்தக் கலர் கேட்கவில்லை. ஸ்டாக் லாட் வாங்குபவர்களிடம் விசாரித்தால் கிலோ 180-க்கு மேல் யாரும் போகவில்லை. "நானூத்தி இருபது போட்ட துணிய நூத்தி எம்பதுக்குக் குடுக்கறதுக்கு மனசு வல்லீங்க" என்று ஒரு வருடமாக வைத்திருந்தார்.

துபாய் ஆர்டரில் 7,500 பீஸ் நேவி ப்ளூ. பீஸுக்கு 200 கிராம் என்றால் சரியாக 1,500 கிலோ. இந்தத் துணிக்கு ஆர்டர் கணக்கில் என்ன விலை போடுவது? அவருடைய ஷீட் 420 போட்டது. ஆனால் 420 திரும்பி வரவே வராது. இந்தத் துணியை ஆர்டருக்குப் பயன்படுத்தினால் அவர் இழப்பது, ஸ்டாக் லாட்காரர் தரவிருந்த 180 ரூபாயை மட்டும்தான். எனவே பொருத்தமான செலவு கிலோ 180, மொத்தம் 2,70,000. மடிப்பை எடுக்க மறுபடியும் ஒருமுறை காம்பாக்டிங் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 10 வீதம் 15,000. வாங்கிய விலை 6,30,000 இந்த முடிவில் எங்கும் வராது.

இதைக் கேட்டதும் பலர், "அப்படியானால் ஏற்கெனவே வாங்கி வைத்ததெல்லாம் மலிவு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் தவறு. அதே குடோனில் நூல் 1,000 கிலோ இருந்தது. அது கிலோ 240-க்கு வாங்கியது. அன்றைய சந்தை விலை 270. எல்லா ஆர்டருக்கும் போகிற அதே ரக நூல். துபாய் ஆர்டருக்கு அதை எடுத்துவிட்டால் அடுத்த வாரமே ஐரோப்பா ஆர்டருக்காக 270 கொடுத்து மறுபடி வாங்க வேண்டும். ஆகவே அந்த நூலின் பொருத்தமான செலவு 270. 240 என்று போட்டுக்கொண்டு, "நூல் மலிவாகக் கையில் இருக்கிறது, விலையைக் குறைத்துத் தரலாம்" என்றால் 1,000 கிலோவில் 30,000 ரூபாயைத் தானமாகக் கொடுத்ததாகும். வாங்கிய விலை 420 என்பது எப்படி முடிந்த கதையோ, 240 என்பதும் அப்படியே முடிந்த கதை. ஒன்றில் அது செலவை ஏற்றிக் காட்டுகிறது, இன்னொன்றில் இறக்கிக் காட்டுகிறது. பொருள் இனி எதற்குப் பயன்படும், வேறு என்ன விலைக்குப் போகும், திரும்ப வாங்க என்ன ஆகும் என்பதில்தான் விடை இருக்கிறது.

இப்போது கூட்டிவிடலாம். மீதி 12,500 பீஸுக்குப் புதுத் துணி 2,500 கிலோ, இன்றைய நூல் விலையில் கிலோ 420 வீதம் 10,50,000. பழைய துணிக்கு 2,85,000. கூலி 6,00,000. லேபிள், கவர், பெட்டி 2,40,000. துறைமுகச் செலவு 80,000. பிரின்ட், டெஸ்ட், கூடுதல் கரன்ட், பேட்டா 65,000. மொத்தம் 23,20,000 ரூபாய். வரவு 20,000 பீஸ், 140 வீதம் 28,00,000. ஆர்டரை எடுத்தால் கம்பெனி 4,80,000 ரூபாய் மேலே நிற்கும். காஸ்டிங் ஷீட் சொன்ன 4 லட்சம் நஷ்டம் எங்கும் இல்லை.

இந்த 23,20,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 116 ரூபாய். பேரம் பேச உட்காரும்போது மனதில் இருக்க வேண்டிய எண் இதுதான். 116-க்குக் கீழே போனால் ஆர்டரை எடுக்காமல் இருப்பதே நல்லது. அதற்கு மேலே எவ்வளவு கிடைக்கிறதோ அது பேச்சுத் திறமை. 116 தெரிந்துவிட்டதே என்று 120-க்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்த எண் யாருக்கும் சொல்லக் கூடாத எண்ணும்கூட. டிராபேக் போன்ற ஏற்றுமதிச் சலுகைகளைக் கணக்கு நீளாமல் இருக்க விட்டிருக்கிறேன். சரக்குக் கப்பல் ஏறினால்தான் அது வரும் என்பதால் நிஜக் கணக்கில் அதையும் வரவில் சேர்க்க வேண்டும்.

முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தன வருசமா நாங்க போட்ட அடக்கக் கணக்கு தப்புங்களா?" என்று கேட்டார். தப்பில்லை. வருடம் முழுவதும் 180 விலை சரியா, தொழில் மொத்தமாக லாபத்தில் ஓடுகிறதா என்று பார்க்க அந்த 160 வேண்டும். ஏதோ ஒரு ஆர்டர் வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1923-இல் ஓவர்ஹெட் செலவுகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். ஒரு பொருளுக்கு எல்லாக் காரியத்துக்கும் பொருந்துகிற ஒரே அடக்கம் கிடையாது, எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அடக்கம் மாறும் என்று அவர் அதில் வாதிட்டார். நூறு ஆண்டு ஆகியும் நம் காஸ்டிங் ஷீட்டில் ஒரே ஒரு அடக்கம்தான் இருக்கிறது.

போட்ட பணம் மனதைப் பிடித்து இழுப்பது நம் ஊர் முதலாளிகளின் பலவீனம் மட்டும் அல்ல. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் இதைச் சோதித்துப் பார்த்து 1985-இல் வெளியிட்டார்கள். சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், மற்றவர்களுக்கு அவர்கள் எதிர்பாராத தள்ளுபடியிலும் டிக்கெட் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் மாதிரி. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த பணமும் யாருக்கும் திரும்ப வரப்போவதில்லை. ஆனாலும் அதிகம் கொடுத்தவர் அதை விட மனம் இல்லாமல் வந்தார். நேவி ப்ளூ துணியை 180-க்கு விற்க மனம் வராமல் ஒரு வருடம் வைத்திருந்தது அதே மனம்தான். அந்த ஒரு வருடத்தில் துணியில் மடிப்பு விழுந்தது, குடோனில் இடம் அடைத்தது, கலர் பழசானது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, காலி இடம் இருந்தால் எந்த விலைக்கும் ஆர்டர் எடுக்கலாம் என்று யாராவது புறப்பட்டால் நான் எழுதியது கேடாக முடியும். இந்தக் கணக்கு ஒரு காலைக் காலி இடத்தில் ஊன்றி நிற்கிறது. அந்த இடம் நழுவினால் கணக்கே கவிழும்.

அந்த மாதம் கையில் 70,000 பீஸுக்குப் பதில் 90,000 பீஸ் ஆர்டர் இருந்திருந்தால்? காலி இடம் 10,000 பீஸுக்குத்தான். துபாய்க்காரரின் 20,000-ஐ எடுத்தால் வழக்கமான ஆர்டரில் 10,000 பீஸைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு வழக்கமான பீஸும் 180 கொண்டுவந்து 134 எடுத்துக்கொள்கிறது. அதாவது வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்குமாக 46 ரூபாய் தருகிறது. 10,000 பீஸ் போனால் 4,60,000 ரூபாய் போகும். இதற்குப் பில் வராது, பேங்கில் கழியாது, எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆனால் இது ஆர்டரின் முழுப் பொருத்தமான செலவு. 4,80,000-இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 20,000 ரூபாய். கம்பெனி முழுக்க ஒரு லட்சம் பீஸுக்கு ஓடிக்கொண்டிருந்தால் 9,20,000 கைவிட்டு, 4,40,000 நஷ்டத்தில் முடியும். ஆர்டர் அதே, விலை அதே, துணி அதே. மாறியது கையில் இருந்த வேலை மட்டும்தான்.

காலி இடம் என்று சொல்வதையும் ஒருமுறை தளத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். மொத்த மிஷின்களில் முப்பது சதவீதம் சும்மா இருக்கலாம். ஆனால் கீழ்மடிப்புத் தைக்கும் ஃப்ளாட்லாக் மிஷின்கள் மட்டும் ஏற்கெனவே ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், நிஜமான காலி இடம் அங்கேதான் முடிகிறது. செக்கிங் டேபிளில் பீஸ் மலையாகக் குவிந்திருந்தால் அங்கே முடிகிறது. அதை எண்ணாமல் ஆர்டர் எடுத்து, கப்பலைத் தவறவிட்டு, ஐரோப்பா சரக்கை விமானத்தில் அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானக் கட்டணம் ஆர்டரின் மொத்த லாபத்தையும் தின்றுவிடும்.

அடுத்தது பழைய பையரின் காது. துபாய்க்கு 140 என்று ஐரோப்பாக்காரருக்குத் தெரிந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். பீஸுக்கு 7 ரூபாய் குறைக்கச் சொன்னால் போதும். 70,000 பீஸுக்கு ஒரே மாதத்தில் 4,90,000 போய்விடும். துபாய் ஆர்டரால் வந்த 4,80,000 அந்த ஒரு மாதத்திலேயே கரையும். அடுத்தடுத்த மாதங்களில் போவது தனி. சிறப்பு ஆர்டரின் விலை அந்த ஆர்டருக்குள்ளேயே நிற்கும் என்றால்தான் மேலே போட்ட கணக்குச் செல்லும். வேறு சந்தை, வேறு லேபிள், வேறு டிசைன் என்று இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரில் பல ஏற்றுமதியாளர்களிடம் அமெரிக்க பையர்கள் ஓடிக்கொண்டிருந்த ஆர்டருக்கே தள்ளுபடி கேட்டார்கள். அது சிறப்பு ஆர்டர் அல்ல. காலி இடத்தை நிரப்ப வந்த கூடுதல் வேலையும் அல்ல. வாடகையையும் சம்பளத்தையும் சுமந்துகொண்டிருந்த ஆர்டரிலேயே விலை குறைப்பது. அதற்கு '134-க்கு மேலே எது வந்தாலும் லாபம்தான்' என்று இதே கணக்கைப் போட்டால், ஓவர்ஹெட் 18,20,000-ஐக் கொடுக்க ஆளே இருக்காது. அந்த பையரையே இழந்துவிடுவோமா, அந்த இடத்தை வேறு யாரைக் கொண்டு நிரப்புவது, எத்தனை மாதம் தாங்கலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு கணக்கு.

காலமும் கணக்கை மாற்றும். ஒரு மாதத்து முடிவில் வாடகை மாறாது. ஆனால் துபாய்க்காரர் இதே விலைக்கு மூன்று வருடம் மாதாமாதம் வாங்குகிறேன் என்று ஒப்பந்தம் போட வந்தால்? அந்த மூன்று வருடத்தில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும், மிஷின் மாற்ற வேண்டி வரும், ஒரு ஷெட்டைக் காலி செய்யலாமா என்ற யோசனை வரும். அப்போது 'வேண்டாம் என்றால் இந்தச் செலவு நிற்குமா?' என்று கேட்டால், வாடகைக்கும் மிஷினுக்கும்கூட 'நிற்கும்' என்றே பதில் வரும். மாதாமாதம் வருகிற ஆர்டர் சிறப்பு ஆர்டர் அல்ல. அது வழக்கமான ஆர்டர், வழக்கமான அடக்கத்தைச் சுமக்க வேண்டியது.

கடனையும் மறக்கக் கூடாது. துபாய்க்காரர் மூன்று மாதக் கடன் கேட்டிருந்தார். பழைய துணியின் 2,70,000 நீங்கலாக 20,50,000 ரூபாய் கையில் இருந்து இறக்க வேண்டும். மாதம் ஒரு சதவீத வட்டி என்றாலும் மூன்று மாதத்துக்கு 61,500. இந்த வட்டி பழைய மிஷின் கடன் வட்டி மாதிரி அல்ல. ஆர்டரை எடுத்தால் மட்டுமே வருவது. ஆகவே சேர்க்க வேண்டியது. பணம் வராமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு எந்த வட்டிக் கணக்கும் ஈடாகாது.

முதலாளி அன்று இரவே துபாய்க்குப் பேசினார். விலை 140-இல் நின்றது. பாதிப் பணம் முன்பணம், மிச்சம் சரக்கு ஏறும்போது என்று முடிந்தது. லேபிளும் டிசைனும் வேறு. மூன்று வாரத்தில் நேவி ப்ளூ ரோல்கள் குடோனை விட்டுப் போயின.

சில மாதம் கழித்து அதே ஆள் அதே 20,000 பீஸை அதே 140-க்குக் கேட்டார். இந்த முறை முதலாளி எனக்குப் போன் செய்யவில்லை. தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பழைய துணி இல்லை, எல்லாம் புதுத் துணி என்பதால் ஆர்டரின் செலவு 26,65,000. மிஞ்சுவது 1,35,000 மட்டும். கையில் அப்போது 92,000 பீஸ் வேலை. 12,000 பீஸைக் கைவிட்டால் 46 வீதம் 5,52,000 போகும். எடுத்தால் 4,17,000 ரூபாய் நஷ்டம். அந்தத் தாளை அடுத்த முறை நான் போனபோது காட்டினார். துபாய்க்காரருக்கு அவர் சொன்ன பதில்: "இந்த மாசம் முடியாதுங்க."